அத்தைக்கான வாழ்த்துப் புத்தகம்: கலந்த ஆங்கிலத்தில் எதை விடுவது, எதில் கை வைப்பது?

கொடிமுல்லை

எங்கள் அத்தையின் பிறந்த நாளுக்காக, குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் ஆளுக்கொரு வாழ்த்து எழுதி வாங்கி, சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பதாக முடிவு. தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வந்ததில் பாதிக்கு மேல் தமிழும் ஆங்கிலமும் கலந்தவை. "எல்லாத்தையும் நல்ல தமிழுக்கு மாத்திடு, புத்தகமா நிக்கப்போகுது" என்கிறான் பெரியப்பா மகன். "கை வெச்சா பேசமாட்டேன், அது அவங்கவங்க பேச்சு" என்கிறாள் அவன் தங்கை. அத்தைக்கு இரண்டு மொழியும் தெரியும். பேச்சு என்று வந்தால் அவரும் கலந்துதான் பேசுவார்.

எனக்குப் புரியாதது வேறு. சிலவற்றில் ஆங்கிலம் இருப்பதே கண்ணில் படவில்லை, சிலவற்றில் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது. ஐந்தை மட்டும் இங்கே தருகிறேன். ஆங்கில எழுத்தில் வந்தவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியது நான். வேறு எதையும் தொடவில்லை.

முதலாவது: "அத்தை, ஹேப்பி பர்த்டே! இந்த வருஷமாவது எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாம, பிபி மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு ஜாலியா இருங்க."

இரண்டாவது: "பாசமிகு அத்தைக்கு, தங்களின் பர்த்டேவை முன்னிட்டு எனது ஹார்ட்டி விஷஸைத் தெரிவித்துக் கொள்கிறேன்."

மூன்றாவது: "விஷ் யூ மெனி மோர் ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் த டே அத்தை. ஸ்டே பிளெஸ்ட்."

நான்காவது: "உங்களுக்கு ஒரு அற்புதமான பிறந்த நாளை விரும்புகிறேன். என் வாழ்க்கையின் ஒரு முக்கியமான பகுதியாக இருப்பதற்கு நன்றி."

ஐந்தாவது, அக்கா மகள் எழுதியது, ஏழு வயது: "லவ் யூ அத்தைப் பாட்டி. யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட். நீங்க கதை சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்."

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

---

வெண்பாப்பித்தன்

இதில் குழம்ப எதுவும் இல்லை. ஒரு வாழ்த்தில் இரண்டு ஆங்கிலச் சொல் வரை பொறுக்கலாம், மூன்றாவது வந்தால் அசிரத்தை. நான் இந்த அளவைத்தான் வைத்திருக்கிறேன். பிறமொழிச் சொல்லே கூடாது என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார். நம்மைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

---

தட்டச்சுத்தாத்தா

அம்மா, தமிழ் எழுத்தில் அடிப்பது இப்போதெல்லாம் ரொம்பச் சுலபம். கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். ஒலிபெயர்ப்பு முறையை எடுத்துக்கொண்டால் புதிதாகப் பழக வேண்டியதுகூட இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

---

கொடிமுல்லை

தாத்தா, எந்த எழுத்தில் அடித்தார்கள் என்பது என் கேள்வி இல்லை. எந்தச் சொல் என்பதுதான். ஆனாலும் நன்றி, மூன்று பேருக்கு இதை அனுப்பி வைக்கிறேன்.

---

பிழைதிருத்தி

வெண்பாப்பித்தனின் அளவை அந்த ஐந்து வாழ்த்துகள் மீதே வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஹேப்பி, பர்த்டே, டென்ஷன், பிபி, ஜாலி என்று ஐந்து இருக்கின்றன. இரண்டாவதில் பர்த்டே, ஹார்ட்டி, விஷஸ், மூன்றே மூன்று. நான்காவதில் ஒன்றுகூட இல்லை. இப்போது வாய்விட்டுப் படியுங்கள். ஐந்து உள்ளது சரளமாகப் போகும், மூன்று உள்ளது தடுக்கும், ஒன்றுமே இல்லாததுதான் எல்லாவற்றிலும் மோசம். எண்ணிக்கைக்கும் இந்த உறுத்தலுக்கும் தொடர்பு இல்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். அழைப்பிதழும் வாழ்த்து மடலும் தினமும் கையில் விழும். எனக்குத் தெரிந்த வரை, ஆங்கிலச் சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினைமுற்றைப் பார்க்க வேண்டும். முதலாவதில் வினை "ஆகாம", "போட்டுக்கிட்டு", "இருங்க". எல்லாம் பேச்சு. டென்ஷனும் ஜாலியும் அந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள். "டென்ஷன் ஆகாதீங்க" என்றால் அவராக ஆவது, "டென்ஷன் பண்ணாதீங்க" என்றால் அடுத்தவரை ஆக்குவது. ஆங்கிலத்தில் இருந்து வந்தது வெறும் சொல்தான், ஆகுவதா பண்ணுவதா என்று தீர்மானித்தது தமிழ். "ஜாலியா" என்பதில் அந்த "ஆ" ஒட்டிய உடனே அது தமிழ் வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது. இரண்டு மொழி கலக்கும்போது ஒன்று சட்டகத்தைத் தரும், மற்றது அதற்குள் சொல்லாக வந்து உட்காரும் என்று கரோல் மயர்ஸ்-ஸ்காட்டன் என்ற மொழியியலாளர் 1993இல் விரிவாக எழுதினார். முதலாவது வாழ்த்து அதற்கு நல்ல மாதிரி.

இரண்டாவதிலும் சட்டகம் தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். "தங்களின்", "முன்னிட்டு", "தெரிவித்துக் கொள்கிறேன்" எல்லாம் மேடைக்கும் மடலுக்கும் உரியவை. அந்த நடைக்குள் பர்த்டே என்ற சொல் ஒருபோதும் புழங்கியதில்லை. வேட்டி சட்டையோடு வந்தவர் காலில் ஓட்டப்பந்தயக் காலணி. பேச்சில் "பர்த்டேக்கு வா", "பர்த்டே அன்னைக்கு" என்போம். "பர்த்டேவை" என்று இரண்டாம் வேற்றுமை போட்டு யார் பேசுகிறார்கள்? அந்த உருபு எழுத்து நடைக்காகப் போடப்பட்டது, ஒட்டப்பட்ட சொல்லோ பேச்சுக்கு உரியது. உறுத்துவது அந்த ஒட்டு.

திசைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. தொல்காப்பியம் அப்படிச் சொல்வது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்து வழக்குச் சொற்களை. தமிழ் அல்லாத நிலங்களையும் அதில் சேர்த்தது நன்னூல். நன்னூலைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால் பாதி வழக்காவது உங்கள் பக்கம் இருந்திருக்கும். ஆனால் அதுவும் சொல் உள்ளே வரலாமா என்ற கேள்விக்குத்தான் விடை. வந்த சொல் எங்கே உட்கார வேண்டும் என்று இலக்கணம் நமக்குச் சொல்லி வைக்கவில்லை.

---

அரைப்புள்ளி

அது கிடக்கட்டும். அட்டையில் "வாழ்த்துகள்" என்று போடப் போகிறீர்களா, "வாழ்த்துக்கள்" என்றா? உண்மையான சண்டை அங்கேதான் நடக்கும்.

---

ரெண்டாம்ஷிப்ட்

பிழைதிருத்தி சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அசிரத்தை என்ற சொல்லை இங்கே எல்லாரும் ரொம்பச் சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள். நான் வேலை முடித்துப் பேருந்தில் ஏறி உட்காரும்போது இரவு மணி பதினொன்று தாண்டியிருக்கும். குடும்பக் குழுவைத் திறந்தால் யாரோ ஒருவருக்குப் பிறந்த நாள். பெரியவர்கள் தூங்கப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். "ஹேப்பி பர்த்டே மாமா" என்று அடித்து அனுப்புகிறேன். அந்த நேரத்தில் நினைத்தேன் என்பதுதான் அங்கே வாழ்த்து. சொல்லை எடை போட ஆரம்பித்தால் அடுத்த வருஷம் அதுவும் போகாது.

இன்னொன்றும் உண்டு, யாரும் சொல்லவில்லை. எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்திருப்பவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். "நீங்க நல்லா இருக்கணும்" என்றால் ஏதோ பெரியவர் ஆசீர்வாதம் மாதிரி ஆகிவிடுகிறது, "நல்லா இரு" என்று சொல்லவே முடியாது. "ஹேப்பி பர்த்டே சார்" என்பதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நான் பெரியவனா அவர் பெரியவரா என்ற கேள்வியே எழாது. அந்த ஆங்கிலம் எனக்கு ஒரு வேலை செய்து தருகிறது, சோம்பலில் வருவது இல்லை.

---

பிழைதிருத்தி

ரெண்டாம்ஷிப்ட் சொன்ன இரண்டாவது விஷயத்தை அப்படியே ஏற்கிறேன், நான் அதைத் தவறவிட்டேன். தமிழில் வாழ்த்து என்றால் பெரும்பாலும் கேட்கிறவரை நோக்கிய வினை வந்து நிற்கும்: இரு, இருங்க, வாழ்க, வாழணும். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள உயரத்தை அது உடனே காட்டிக் கொடுத்துவிடும். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சுவரொட்டிகளில் போடுவது அந்தச் சங்கடத்தைத் தமிழிலேயே சமாளிக்கிற வழிதான். வீட்டில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் ஆங்கில வாய்பாடு அந்த வேலையைப் பார்க்கிறது.

முதல் விஷயத்தில் சின்ன மறுப்பு. பேருந்தில் இருந்து அனுப்பும் மூன்று சொல் எனக்கும் உறுத்துவதில்லை. அது கை குலுக்கல் மாதிரி, அதைப் புதிதாக யோசித்துச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கொடிமுல்லை கேட்பது புத்தகம். அதை நிதானமாக எழுத நேரம் இருந்தது, அத்தை அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார். மூன்றாவது வாழ்த்து குழுவில் வந்திருந்தால் பொருத்தம், ஒரு முழுப் பக்கத்தில் தனியாக நின்றால் மெலிந்து போகும். அதில் கலப்பு என்றே எதுவும் இல்லை, முழு ஆங்கில வாய்பாட்டின் நடுவில் "அத்தை" மட்டும் தமிழ். அந்த "மெனி மோர்" கூட இரண்டு வாய்பாடுகள் ஒட்டிக்கொண்டதால் வந்தது போலிருக்கிறது, வழக்கமான ஆங்கில வாய்பாட்டில் அங்கே "மோர்" கிடையாது. எழுதியவர் எந்த மொழியிலும் அந்தச் சொற்களைப் பார்த்துப் போடவில்லை, கையோடு வந்ததைப் போட்டிருக்கிறார்.

---

மழைக்காகிதம்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இது வேறு திசையில் போகும் என்றாலும்.

சித்தப்பா போன நான்காம் மாதம் சித்திக்குப் பிறந்த நாள் வந்தது. குழுவில் சொல்வதா வேண்டாமா என்று ஆளாளுக்குத் தயங்கிக்கொண்டிருந்தோம். சொல்லாமல் விட்டால் ஒதுக்கியது போல் ஆகிவிடும். கடைசியில் ஒருத்தர் "ஹேப்பி பர்த்டே சித்தி" என்று போட்டார், மற்றவர்களும் அதையே போட்டோம். இன்னொரு உறவினர் மட்டும் அக்கறையோடு, "மகிழ்ச்சி பொங்கும் இனிய பிறந்த நாள் வாழ்த்துகள், என்றும் புன்னகையோடு வாழ்க" என்று எழுதினார். நல்ல தமிழ்தான். ஆனால் சித்திக்கு வலித்தது அதுதான். "ஹேப்பி பர்த்டேன்னு சொன்னவங்க பேரைப் பார்த்தேன், அவ்ளோதான். இது மட்டும் உக்காந்து படிச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

ஹேப்பி பர்த்டேயில் இருக்கும் "ஹேப்பி" நமக்கு மகிழ்ச்சியாகக் காதில் விழுவதே இல்லை போலிருக்கிறது. அந்த வருஷம் அது நல்லதாகப் போயிற்று. ஆக, ஆங்கிலம் என்றால் மேலோட்டம், தமிழ் என்றால் ஆழம், அதனால் தமிழ்தான் உயர்வு என்று நான் இப்போது சொல்வதில்லை. ஆழமில்லாததே தேவைப்படும் நாளும் வருகிறது.

---

வெண்பாப்பித்தன்

மழைக்காகிதம் சொன்னதைப் படித்துவிட்டு யோசித்தேன். அந்த உறவினரின் வாழ்த்து தமிழாக இருந்ததால் வலிக்கவில்லை, சித்தி இருந்த நிலையைப் பார்க்காமல் எழுதப்பட்டதால் வலித்தது. "இந்த வருஷம் என்ன சொல்றதுன்னு தெரியல சித்தி, நாங்க இருக்கோம்" என்று தமிழில் ஒரு வரி போட்டிருந்தால்? எண்ணிக்கைக் கணக்கை நான் விட்டுவிடுகிறேன், சரி. ஆனால் ஆங்கிலத்துக்கு இப்படிச் சலுகை கொடுத்துக்கொண்டே போனால் வாழ்த்தத் தெரிந்த தமிழ் நம் கையை விட்டுப் போய்விடும். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

---

மழைக்காகிதம்

அந்த வரியை நீங்கள் இப்போது எழுதிவிட்டீர்கள், நன்றாகவும் இருக்கிறது. அன்று எங்கள் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

---

கொடிமுல்லை

எல்லாரும் சொன்னதை வைத்து வேலையை ஆரம்பித்தேன். முதலாவதை எடுத்து, புத்தகத்துக்குத் தக்கபடி வினைகளை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றிப் பார்த்தேன்: "இந்த வருடமாவது எதற்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாமல், பிபி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு ஜாலியாக இருங்கள்." தப்பு எதுவும் இல்லை, ஆனால் உயிர் போய்விட்டது. ஏன்?

---

பிழைதிருத்தி

தொகுக்கிறவர்கள் பெரும்பாலும் கால் வைக்கிற குழி இது. ஆங்கிலச் சொற்களை அப்படியே விட்டு, சுற்றியுள்ள தமிழை மட்டும் சலவை செய்துவிடுவது. அப்படிச் செய்தால் முதலாவதை நீங்களே இரண்டாவதாக மாற்றிவிடுகிறீர்கள். டென்ஷனும் ஜாலியும் உட்கார்ந்திருந்தது "ஆகாம", "இருங்க" என்ற பேச்சின் மீது. அதை உருவிவிட்டால் அவை அந்தரத்தில் தொங்கும்.

மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். முழுக்க மாற்றினால் "இந்த ஆண்டாவது எதற்கும் பதறாமல், மருந்தை வேளை தவறாமல் உட்கொண்டு மகிழ்ச்சியாக இருங்கள்" என்று வரும். அது மருத்துவர் பேசுவது, உங்கள் தம்பியோ தங்கையோ பேசுவது இல்லை. நான் என்றால் முதலாவதை அப்படியே விடுவேன். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன், வருஷத்தை வருடமாக்கக்கூட மாட்டேன்.

ஒரு சோதனை சொல்கிறேன், வேலை செய்யும்போது நான் பண்ணுவது. எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டு வீட்டில் இன்னொருவரிடம் படித்துக் காட்டுங்கள். யார் எழுதியது என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கை வைக்காதீர்கள், ஆங்கிலம் எவ்வளவு இருந்தாலும்.

---

கொடிமுல்லை

செய்து பார்த்தேன். முதலாவதை அம்மா அரை வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஐந்தாவதை யாருமே தப்பாகச் சொல்லவில்லை. இரண்டாவதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை, அப்பா "ஏதோ கட்சிக்காரர்" என்றார்.

எழுதியது யாரென்று எனக்குத் தெரியும் என்பதால் அவருக்கே தொலைபேசி போட்டுப் பேசினேன். பெரிய அத்தையின் மகன். சின்ன அத்தையைவிட இரண்டே வயது சின்னவர், சித்தி என்ற முறை வந்தாலும் எங்களோடு சேர்ந்து அத்தை என்றே கூப்பிட்டுப் பழகியவர். சின்ன வயதில் இருந்து நீ, வா, போ என்றுதான் பேச்சு. புத்தகத்தில் எல்லாரும் படிக்கும்போது "நீ" என்று எழுதினால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார். "நீங்க" என்று எழுதினால் அத்தையே சிரிப்பார். அதனால் "தங்களின்" என்று தாவிவிட்டார். "தங்களின் பிறந்த நாளை" என்று எழுதிப் பார்த்தபோது ரொம்பத் தள்ளி நிற்கிற மாதிரி இருந்ததாம், கொஞ்சம் நெருக்கமாக இருக்கட்டும் என்று பர்த்டே போட்டாராம். அந்த ஒட்டு எப்படி வந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்கிட்ட சொன்ன மாதிரியே எழுதிக் குடுங்க" என்றேன். இன்று காலை வந்தது:

"அத்தை, சின்ன வயசுல ஒரே சைக்கிளுக்கு நீயும் நானும் அடிச்சுக்கிட்டதுல இருந்து வா போன்னுதான் பேச்சு. இப்ப புக்ல வருதுன்னு மரியாதை குடுக்க வரல. பிறந்த நாளுக்கு என்ன சொல்றது, ஹெல்த்தைப் பாத்துக்க. சைக்கிள் உனக்கே."

பிறந்த நாள் என்ற சொல்லை அவரே தமிழில் போட்டுவிட்டார். ஹெல்த்தும் புக்கும் சைக்கிளும் இருக்கின்றன. நான் கை வைக்கவில்லை.

---

ரெண்டாம்ஷிப்ட்

பாருங்கள், அவரும் நான் சொன்ன அதே சந்தில்தான் மாட்டியிருக்கிறார். எனக்கு வெளியே வர ஒரு வழி கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி வரி பிரமாதம்.

---

அரைப்புள்ளி

ஐந்தாவதைப் பற்றி யாருமே பேசவில்லையே. "யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்" என்பது பள்ளியில் அட்டை எழுதிப் பழகிய வாய்பாடுதானே? பெரியவர் எழுதியிருந்தால் மூன்றாவதைச் சொன்ன மாதிரி மெலிந்தது என்றிருப்போம். குழந்தை என்பதால் விட்டுவிடுகிறோமா?

---

மழைக்காகிதம்

"லவ் யூ"வை மட்டும் நான் விடச் சொல்வேன், யார் எழுதினாலும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? காதலிக்கிறேன் என்று அத்தையிடம் சொல்ல முடியாது. "உங்கள் மேல் அன்பு வைத்திருக்கிறேன்" என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நம் வீடுகளில் சாப்பிட்டியா என்று கேட்பதும், நேரமாகிவிட்டால் போன் போட்டுப் பார்ப்பதும்தான் அதற்குப் பதில். என் மகன் "லவ் யூ மா" என்று சொல்கிற மாதிரி நான் என் அம்மாவிடம் எதையும் சொன்னதில்லை, சொல்ல என்னிடம் சொல் இல்லை. அவனுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

---

வெண்பாப்பித்தன்

சொல் இல்லை என்பதை ஒப்ப மாட்டேன். "நீங்கன்னா எனக்கு உயிர்" என்று சொல்லுவோமே. சொல்லக் கூச்சப்பட்டு மறந்துவிட்டோம், இப்போது ஆங்கிலத்தில் கூச்சம் இல்லாமல் வருகிறது. ஆனால் போகிற வருகிற எல்லாருக்கும் லவ் யூ சொல்லிச் சொல்லி அதுவும் ஹேப்பி பர்த்டே மாதிரி காதில் விழாமல் போகப் போகிறது.

---

பிழைதிருத்தி

இதில் நான் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. குழந்தையின் வாழ்த்தில் மட்டும் ஒன்றைக் காட்டுகிறேன். முதல் இரண்டு வாக்கியமும் எந்தக் குழந்தையும் யாருக்கும் எழுதக்கூடியவை. மூன்றாவது வாக்கியம் வந்ததும் மொழி தமிழுக்குத் திரும்பியிருக்கிறது: "நீங்க கதை சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்." தனக்கும் அத்தைப் பாட்டிக்கும் நடுவில் மட்டும் நடந்த ஒன்றைச் சொல்ல வரும்போது, எந்த மொழியில் அது நடந்ததோ அந்த மொழி தானாக வந்துவிட்டது. ஆங்கிலத்தை எடுத்தால் அந்தத் திரும்பல் தெரியாமல் போகும். அதனால் விட்டுவிடுங்கள் என்பேன். அரைப்புள்ளி கேட்டதற்கும் இதுதான் பதில்: பெரியவர் எழுதிய மூன்றாவதில் அப்படித் திரும்பி வருகிற வாக்கியம் இல்லை.

---

தட்டச்சுத்தாத்தா

இப்போதுதான் இழையை முழுக்கப் படித்தேன். கேள்வியை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒன்று: என் பேரன் பேத்திகள் நாள் தவறி வாழ்த்தும்போது "பிலேட்டட் விஷஸ் தாத்தா" என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. தாமதத்துக்கே ஒரு தலைப்புக் கொடுத்து, எல்லாம் ஒழுங்காக நடந்தது போல் ஆக்கிவிடுகிறது. "நேத்து மறந்துட்டேன் தாத்தா" என்று ஒரு பேத்தி சொன்னாள். அவளோடு அரை மணி நேரம் பேசினேன்.

---

கொடிமுல்லை

தாத்தா, அது கேள்விக்கு நேரான பதில்.

கடைசியாக நான்காவது. எழுதியது அண்ணி. அதில் ஆங்கிலமே இல்லை, பெரியப்பா மகனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, "பாரு, எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க" என்கிறான். எனக்குத்தான் அது எங்கேயோ அச்சிட்ட அட்டையில் இருந்து வந்தது போல் இருக்கிறது.

---

பிழைதிருத்தி

சொல் எல்லாம் தமிழ், எலும்பு ஆங்கிலம். தமிழில் நாளை விரும்பி யாரும் வாழ்த்துவதில்லை. ஆளைத்தான் வாழ்த்துவோம், "நல்லா இருங்க" என்று. "ஒரு முக்கியமான பகுதியாக இருப்பதற்கு நன்றி" என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் சொல்ல வந்ததை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து வைத்திருக்கிறார். இதற்கு அவர் நேராக ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம், அது இன்னும் இயல்பாக இருந்திருக்கும்.

ஆனால் இதை அசிரத்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அசிரத்தைக்காரர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். புத்தகம் என்றதும் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து மாற்றியிருப்பார். அண்ணி ஆங்கில வழியில் படித்தவரா?

---

கொடிமுல்லை

ஆமாம். தமிழ் பேசுவார், எழுதுவது குறைவு. நேற்றுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், "அத்தையை எப்ப கூப்பிட்டாலும் போனை எடுத்துடுவாங்கல்ல, அதைத்தான் இம்பார்ட்டன்ட் பார்ட்னு சொல்ல வந்தேன்" என்றார். "அதையே எழுதுங்களேன் அண்ணி" என்றேன். "அதெல்லாம் புத்தகத்துல போடுற மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். இன்னும் மாற்றித் தரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

---

ரெண்டாம்ஷிப்ட்

தரவில்லை என்றால் அவர் கொடுத்ததையே போடுங்கள். அவர் பெயரில் நீங்கள் திருத்தி எழுதினால் அது உங்கள் வாழ்த்து.

---

பிழைதிருத்தி

அதில் ரெண்டாம்ஷிப்ட்டோடு ஒத்துப்போகிறேன். வியாழன் வரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேசும்போது அவர் சொன்னதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே படித்துக் காட்டினால் சம்மதிக்கலாம். சம்மதிக்காவிட்டால் நான்காவது அப்படியே போகட்டும்.

---

அரைப்புள்ளி

அட்டையில் க் உண்டா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

வெண்பாப்பித்தன்

வாழ்த்துகள். க் வராது.

---

தட்டச்சுத்தாத்தா

எங்கள் வாத்தியார் வாழ்த்துக்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும்.

---

வெண்பாப்பித்தன்

தாத்தா, கள் என்பது விகுதி. அங்கே அந்த விதி எப்படிச் செல்லும்? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.